இடைவினை இருக்கும்போது முதன்மை விளைவை எவ்வளவு நம்பலாம்? இருவழி அனோவா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் கொடுத்த அட்டவணையில் மூன்று வரியுமே 0.05-க்குக் கீழே வந்திருக்கிறது. எந்த வரியிலிருந்து எழுதத் தொடங்குவது?

இடைவினை வரியிலிருந்து. அட்டவணையில் இரண்டு முதன்மை விளைவுகளும் மேலே நிற்கும், இடைவினை அவற்றுக்கு அடியில் நிற்கும். படிக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிர். மேலே உள்ள இரண்டு வரிகளுக்கும் என்ன பொருள் சொல்லலாம் என்பதை முடிவு செய்வது அந்த மூன்றாவது வரிதான்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே தரவை வைத்துக்கொள்வோம். ஆர் மென்பொருளோடு சேர்ந்தே வரும் `ToothGrowth` என்ற தரவு அது. யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம். 60 கினிப் பன்றிகளுக்கு வைட்டமின் சி கொடுத்திருக்கிறார்கள். பாதிக்கு ஆரஞ்சுச் சாறாக, மீதிக்கு அஸ்கார்பிக் அமிலமாக. அளவு நாளுக்கு 0.5, 1 அல்லது 2 மில்லிகிராம். ஆக மொத்தம் ஆறு கட்டங்கள், கட்டத்துக்குப் பத்து விலங்குகள். அளந்தது பல் வளர்ச்சிக்குக் காரணமான செல்களின் நீளம்.

```r
ToothGrowth$dose <- factor(ToothGrowth$dose)
m <- aov(len ~ supp * dose, data = ToothGrowth)
summary(m)
```

```
            Df Sum Sq Mean Sq F value   Pr(>F)
supp         1  205.4   205.4  15.572 0.000231
dose         2 2426.4  1213.2  92.000  < 2e-16
supp:dose    2  108.3    54.2   4.107 0.021860
Residuals   54  712.1    13.2
```

முதல் வரியில் உள்ள `factor` முக்கியம். இந்தத் தரவில் அளவு என்ற மாறி வெறும் எண்ணாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அப்படியே விட்டால் மென்பொருள் அதை ஒரு நேர்கோட்டுச் சரிவாக எடுத்துக்கொள்ளும். அட்டவணையில் `dose` வரியின் `Df` நெடுக்கையில் 2 வரவேண்டிய இடத்தில் 1 என்று வந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

இடைவினை என்றால் இரண்டு காரணிகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. இங்கே எந்த வடிவில் கொடுத்தார்கள் என்பதற்கும் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கும் துளியும் தொடர்பு கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் சரியாகப் பத்து விலங்குகள் இருப்பதே அதற்குச் சாட்சி. இடைவினை என்பது வேறு விஷயம்: ஒரு காரணியால் வரும் வித்தியாசம், மற்றக் காரணியின் நிலையைப் பொறுத்து மாறுகிறதா என்ற கேள்வி. அதாவது, வித்தியாசங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்.

கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் இது மனதில் நின்றுவிடும். கட்டச் சராசரிகள் இவை:

| | 0.5 மி.கி. | 1 மி.கி. | 2 மி.கி. |
|---|---|---|---|
| ஆரஞ்சுச் சாறு | 13.23 | 22.70 | 26.06 |
| அஸ்கார்பிக் அமிலம் | 7.98 | 16.77 | 26.14 |
| வித்தியாசம் | 5.25 | 5.93 | −0.08 |

கடைசி வரிசையில் உள்ள மூன்று வித்தியாசங்களின் சராசரி 3.70. வடிவத்தின் முதன்மை விளைவு என்று நாம் சொல்வது இந்த 3.70-ஐத்தான். இனி ஒவ்வொரு வித்தியாசமும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள்: 1.55, 2.23, −3.78. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 21.66. கட்டத்துக்குப் பத்துப் பேர் என்பதில் பாதியான 5-ஆல் பெருக்கினால் 108.3. அட்டவணையில் இடைவினை வரியில் இருக்கும் அதே எண். இடைவினை என்பதில் இதற்கு மேல் மர்மம் எதுவும் இல்லை. மூன்று வித்தியாசங்களும் சமமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் பூஜ்ஜியம் இருந்திருக்கும்.

இடைவினை வரைபடத்தைப் பார்த்ததும் கண்ணை எங்கே வைப்பது? எனக்குக் கோடுகள் மேலே போவது மட்டும்தான் தெரிகிறது.

கோடுகள் மேலே போவதை முதலில் மறந்துவிடுங்கள். அது படுக்கை அச்சில் உள்ள காரணியின் கதை. இடைவினை இருப்பது கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியில். ஒவ்வொரு புள்ளிக்கும் நேராகச் செங்குத்தாக ஒரு ஸ்கேலை வைத்தது போல, மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

```r
with(ToothGrowth, interaction.plot(dose, supp, len))
```

இதை ஓட்டினால் இரண்டு கோடுகள் வரும். 0.5-இல் இடைவெளி ஐந்தை ஒட்டி இருக்கிறது, 1-இல் ஏறக்குறைய ஆறு, 2-இல் இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. முதல் பாதியில் கோடுகள் கிட்டத்தட்ட இணை. இரண்டாம் பாதியில்தான் நிலைமை மாறுகிறது: சாற்றின் கோடு தளர்ந்து 3.36 மட்டுமே ஏறுகிறது, அமிலத்தின் கோடு 9.37 ஏறி அதைப் பிடித்துவிடுகிறது. இந்தத் தரவில் இடைவினை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் "1-க்கும் 2-க்கும் இடையே" என்று விரல் வைத்துக் காட்ட முடியும். எஃப் மதிப்பு 4.107 என்ற ஒற்றை எண் அதைச் சொல்லாது. வரைபடம் தேவைப்படுவதே இதற்காகத்தான்.

புள்ளிகளை இணைக்கும் கோடு கண்ணுக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். 1.5 மில்லிகிராமில் என்ன நடக்கும் என்று அந்தக் கோட்டிலிருந்து படிக்கக் கூடாது. அங்கே யாரும் எதையும் அளக்கவில்லை.

கோடுகள் வெட்டிக்கொண்டால் தீவிரமான இடைவினை, வெட்டாவிட்டால் கவலை இல்லை. இப்படி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இதே தரவே அதற்கு மறுப்பு. துல்லியமாகப் பார்த்தால் 2 மில்லிகிராமில் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. அமிலத்தின் சராசரி 0.08 கூடுதல். ஆனால் பத்துப் பத்து விலங்குகளின் சராசரிகளை ஒப்பிடும்போது வரும் திட்டப் பிழை 1.62. அதற்கு முன்னால் 0.08 என்பது ஒன்றுமே இல்லை. அங்கே கோடுகள் சந்திக்கின்றன என்று சொல்லலாம், முந்திவிட்டன என்று சொல்ல முடியாது.

அப்புறம் அச்சுகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். படுக்கை அச்சில் வடிவம், மூன்று கோடுகளாக மூன்று அளவுகள். இப்போது 0.5 கோடும் 1 கோடும் சாற்றிலிருந்து அமிலத்துக்குப் போகும்போது கீழே சரிகின்றன. 2 மி.கி. கோடு படுத்துக் கிடக்கிறது. மூன்றும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தரவு அதே, இடைவினையும் அதே, எஃப் மதிப்பும் அதே. ஒரு படத்தில் வெட்டுகிறது, இன்னொன்றில் வெட்டவில்லை.

இந்த இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. முதல் படத்தில் கோடுகள் ஒன்றையொன்று தொடுவது, வடிவங்களின் தரவரிசை ஓரிடத்தில் உடைகிறது என்பதைக் காட்டுகிறது. இரண்டாம் படத்தில் கோடுகள் தனித்தனியாக நிற்பது, அளவுகளின் தரவரிசை எங்கும் உடையவில்லை என்பதைக் காட்டுகிறது. எனவே எப்போதும் இரண்டு படங்களையும் வரையுங்கள். ஒரு படத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

எந்தத் தரவிலும் கோடுகள் சரியாக இணையாக வருவதில்லையே. எவ்வளவு விலகல் இருந்தால் அதைப் பொருட்படுத்துவது?

கண்ணை மட்டும் நம்பினால் செங்குத்து அச்சின் நீளம் ஏமாற்றிவிடும். அச்சு 25 முதல் 27 வரை இருந்தால் சின்ன விலகலும் பெரிய கத்தரி போலத் தெரியும். 0 முதல் 100 வரை இழுத்தால் எதுவுமே இணையாகத் தெரியும். ஆகவே விலகலை அதன் திட்டப் பிழையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. அட்டவணையின் கடைசி வரியில் எச்சத்தின் சராசரி வர்க்கம் 13.19. இரண்டு கட்டச் சராசரிகளின் வித்தியாசத்துக்குத் திட்டப் பிழை √(2 × 13.19 / 10) = 1.62. வித்தியாசங்களின் வித்தியாசத்தில் நான்கு கட்டங்கள் வருவதால் √(4 × 13.19 / 10) = 2.30. இப்போது 0.5-இல் இடைவெளி 5.25, 1-இல் 5.93, இவை 0.68 வேறுபடுகின்றன. 2.30-க்கு முன்னால் 0.68 பொருட்படுத்தத் தக்கதல்ல, அங்கே கோடுகளை இணை என்றே படிக்கலாம். 1-க்கும் 2-க்கும் இடையே இடைவெளி 5.93-இலிருந்து −0.08-ஆகச் சுருங்குகிறது, மாற்றம் 6.01. இது திட்டப் பிழையைப் போல 2.6 மடங்கு. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் ஒவ்வொரு சராசரிக்கும் போடும் பிழைப் பட்டைகள் இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தராது. அவை ஒரு சராசரியின் தடுமாற்றத்தைக் காட்டுகின்றன. இடைவினை நான்கு சராசரிகளின் தடுமாற்றத்தைச் சுமக்கிறது. பட்டைகளைப் பார்த்து இடைவினை தெளிவாக இருப்பதாகத் தோன்றினாலும் கணக்குப் போட்டே உறுதி செய்யுங்கள்.

இடைவினை பொருளுடையதாக வந்தால் முதன்மை விளைவுகளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். உண்மையா?

பாதி உண்மை. அந்த விதி தவறான பக்கம் போகாமல் காப்பாற்றும், ஆனால் சொல்லத் தகுந்ததையும் சேர்த்துப் பூட்டிவிடும். நான் சொல்வது இது: முடிவை ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனியாக எடுங்கள். ஒரே தரவில் ஒரு முதன்மை விளைவைச் சொல்லலாம், இன்னொன்றைச் சொல்லக் கூடாது என்ற நிலை மிகவும் சகஜம்.

வடிவத்தை எடுத்துக்கொள்வோம். முதன்மை விளைவு 3.70, பி-மதிப்பு 0.000231. "ஆரஞ்சுச் சாறு சராசரியாக 3.70 கூடுதல் வளர்ச்சி தருகிறது" என்று எழுதத் தோன்றும். இந்த 3.70 எந்த அளவில் நடந்தது? 0.5-இல் 5.25. 1-இல் 5.93. 2-இல் பூஜ்ஜியத்தை ஒட்டி. எங்கேயும் 3.70 இல்லை, அதன் அருகில்கூட இல்லை. இன்னொரு விதமாகவும் சோதிக்கலாம். ஆய்வாளர்கள் 2 மில்லிகிராமைச் சேர்க்காமலே விட்டிருந்தால் முதன்மை விளைவு 5.59 என்று வந்திருக்கும். 0.5-ஐ விட்டிருந்தால் 2.93. விலங்குகள் மாறவில்லை, உடலியல் மாறவில்லை, எந்த அளவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மட்டும் மாறியது. அப்படி மாறும் எண் சாற்றைப் பற்றிய எண் அல்ல, ஆய்வின் வடிவமைப்பைப் பற்றிய எண். எனவே வடிவத்தின் முதன்மை விளைவைத் தனியாக நிறுத்தக் கூடாது.

இனி அளவு. சராசரிகள் 10.61, 19.74, 26.10 என்று ஏறுகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் சாற்றில் 9.47, பிறகு 3.36, அமிலத்தில் 8.79, பிறகு 9.37. நான்கு ஏற்றங்களும் ஒரே திசை. ஆகவே "அளவு கூடக் கூடச் செல்கள் நீள்கின்றன, எந்த வடிவில் கொடுத்தாலும்" என்ற வாக்கியம் நிற்கும். 0.5-இலிருந்து 1-க்குப் போகும்போது வரும் சராசரி ஏற்றமான 9.13-ஐக்கூடச் சொல்லலாம், இரண்டு வடிவங்களும் அதை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் 1-இலிருந்து 2-க்கு வரும் சராசரி ஏற்றம் 6.37 என்று எழுதினால் மறுபடியும் அதே குழியில் விழுகிறோம். அது 3.36-க்கும் 9.37-க்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும் எண். அந்த இடத்தில் திசையைச் சொல்லலாம், ஏற்றம் எவ்வளவு என்பதை வடிவம் வாரியாகப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். சாற்றின் 3.36-இலும் உறுதி குறைவுதான், அது திட்டப் பிழையின் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது.

ஆகவே ஒவ்வொரு காரணிக்கும் நான் கேட்டுக்கொள்வது இரண்டு கேள்விகள். மற்றக் காரணியின் எல்லா நிலைகளிலும் திசை ஒன்றா? ஒன்று என்றால், சராசரி எண் அந்த நிலைகளில் எதையாவது உண்மையாகவே விவரிக்கிறதா? முதல் கேள்விக்கே இல்லை என்றால் முதன்மை விளைவைக் கைவிடுங்கள். முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் திசையை மட்டும் சொல்லுங்கள்.

இடைவினையின் பங்கு சின்னது என்பதால் விட்டுவிடலாம் என்று சிலர் வாதிடுவார்கள். இங்கே மொத்த வர்க்கக் கூடுதல் 3452. அதில் இடைவினையின் பங்கு 3 சதவீதம்தான். ஆனால் வடிவத்தின் முதன்மை விளைவுக்கே 6 சதவீதம்தான் பங்கு. அளவு என்ற காரணி மற்ற எல்லாவற்றையும் குள்ளமாகக் காட்டுகிறது. இடைவினையை ஒப்பிட வேண்டியது மொத்தத்தோடு அல்ல, எந்த முதன்மை விளைவின் பொருளை அது மாற்றுகிறதோ அதனோடு.

முதன்மை விளைவு பொருளற்றதாக வந்தால்? அந்தக் காரணியை விட்டுவிடலாம் அல்லவா?

இடைவினை இருந்தால் கூடாது. நான்கு கட்டங்களில் சராசரிகள் முதல் வரிசையில் 20, 10, இரண்டாம் வரிசையில் 10, 20 என்று கற்பனை செய்யுங்கள். வரிசைச் சராசரி இரண்டும் 15, நெடுக்கைச் சராசரி இரண்டும் 15. இரண்டு முதன்மை விளைவுகளும் சுத்தப் பூஜ்ஜியம். ஆனால் இரண்டு காரணிகளுமே ஒவ்வொரு கட்டத்திலும் 10 அலகு மாற்றத்தை உண்டாக்குகின்றன, திசைதான் எதிரெதிர். "விளைவு இல்லை" என்று எழுதினால் அது முழுத் தவறு.

சரி, முதன்மை விளைவைச் சொல்லக் கூடாது என்று முடிவாகிவிட்டது. அறிக்கையில் என்ன எழுதுவது?

எளிய விளைவுகளை. அதாவது, ஒரு காரணியின் வித்தியாசத்தை மற்றக் காரணியின் ஒவ்வொரு நிலையிலும் தனியாகச் சொல்லுங்கள்.

```r
library(emmeans)
pairs(emmeans(m, ~ supp | dose))
```

நடுவில் உள்ள `|` குறி "ஒவ்வொரு அளவுக்குள்ளும்" என்று பொருள்படும். அதை விட்டுவிட்டு `~ supp` என்று மட்டும் கேட்டால் முடிவு தவறாக வழிநடத்தலாம் என்று அந்தத் தொகுப்பே ஒரு குறிப்பை அச்சிடும். அதைக் கண்டுகொள்ளாமல் போகாதீர்கள், இந்தப் பக்கத்தில் பேசும் பிரச்சினையைத்தான் அது சொல்கிறது.

விடைகள்: 0.5-இல் 5.25, டி மதிப்பு 3.23. 1-இல் 5.93, டி மதிப்பு 3.65. 2-இல் −0.08, டி மதிப்பு −0.05. மூன்றுக்கும் திட்டப் பிழை ஒன்றே, 1.62, ஏனென்றால் ஆறு கட்டங்களின் எச்சத்தையும் சேர்த்து 54 வரையற்ற பாகைகளோடு அது கணக்கிடப்படுகிறது. தரவை அளவு வாரியாக வெட்டி மூன்று தனி டி சோதனைகள் செய்தால் ஒவ்வொன்றிலும் 18 பாகைகள்தான் மிஞ்சும். கட்டங்களுக்குள் சிதறல் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது அப்படி வெட்டுவது வீண் இழப்பு. சிதறல் கட்டத்துக்குக் கட்டம் கணிசமாக மாறினால் மட்டும் பிரித்துச் செய்வதில் நியாயம் உண்டு.

மூன்று ஒப்பீடுகள் என்பதால் பான்ஃபெரோனி திருத்தம் போட்டாலும் முதல் இரண்டும் தாங்கும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, 2 மில்லிகிராமில் "வித்தியாசம் இல்லை" என்று எழுதாதீர்கள். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −3.3 முதல் 3.2 வரை போகிறது. வித்தியாசம் தென்படவில்லை, இருந்தாலும் மூன்றரை அலகுக்கு மேல் இருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவே. இரண்டாவது, ஓரிடத்தில் பொருளுடையது, இன்னோரிடத்தில் பொருளற்றது என்பதையே இடைவினைக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். ஒரு பி-மதிப்பு 0.04, மற்றது 0.06 என்று வந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விஷயம். இடைவினைக்குச் சான்று இடைவினைச் சோதனைதான்.

இப்படி எழுதலாம்: "அளவு கூடும்போது இரண்டு வடிவங்களிலும் செல் நீளம் கூடியது. 0.5, 1 மில்லிகிராம் அளவுகளில் ஆரஞ்சுச் சாறு அஸ்கார்பிக் அமிலத்தைவிட முறையே 5.25, 5.93 அலகு கூடுதல் நீளம் தந்தது. 2 மில்லிகிராமில் வித்தியாசம் தென்படவில்லை." முதன்மை விளைவு என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் தரவில் உள்ள எல்லாம் இருக்கிறது.

இடைவினையின் பி-மதிப்பு 0.14 வந்தது. இடைவினை இல்லை என்று எழுதிவிட்டு முதன்மை விளைவுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் "இல்லை" என்று எழுதிவிட்டு அல்ல. இடைவினையைப் பிடிப்பது முதன்மை விளைவைப் பிடிப்பதைவிட மிகவும் கடினம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டுக்கு இரண்டு வடிவமைப்பில் கட்டத்துக்கு 9 பேர், கட்டத்துக்குள் திட்ட விலக்கம் 6 என்று வைத்துக்கொள்வோம். முதன்மை விளைவின் திட்டப் பிழை 2. வித்தியாசங்களின் வித்தியாசத்துக்குத் திட்டப் பிழை 4, சரியாக இரட்டிப்பு. அதே அளவுள்ள மாற்றத்தை அதே உறுதியோடு பிடிக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

இந்த எண்களையே தொடர்ந்து போவோம். முதன்மை விளைவு 5, டி மதிப்பு 2.5, பி-மதிப்பு சுமார் 0.02. இடைவினை 6, டி மதிப்பு 1.5, பி-மதிப்பு 0.14. விதிப்படி இடைவினையைத் தள்ளிவிட்டு "விளைவு 5" என்று எழுதிவிடலாம். ஆனால் சராசரி 5, வித்தியாசங்களின் வித்தியாசம் 6 என்றால் இரண்டு நிலைகளிலும் கிடைத்த எளிய விளைவுகள் 2, 8. ஒன்று இன்னொன்றைப் போல நான்கு மடங்கு. இடைவினையின் நம்பிக்கை இடைவெளி −2-இலிருந்து 14 வரை நீள்கிறது. இந்தத் தரவு இடைவினை இல்லை என்று சொல்லவில்லை, எதையும் சொல்லும் அளவுக்கு அது பெரிதாக இல்லை.

ஆகவே பி-மதிப்போடு இடைவினையின் அளவையும் அதன் இடைவெளியையும் போடுங்கள். இடைவெளியின் இரு முனைகளிலும் முதன்மை விளைவின் பொருள் மாறாது என்றால் தைரியமாகத் தனியாகச் சொல்லலாம். ஒரு முனையில் மாறும் என்றால் அந்தச் சந்தேகத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

தரவை லாக்-ஆக மாற்றியதும் இடைவினை மறைந்துவிட்டது. எது உண்மை?

இரண்டும் உண்மை, அளவுகோல்தான் வேறு. சராசரிகள் ஒரு வரிசையில் 10, 20, இன்னொன்றில் 30, 60 என்றால் வித்தியாசங்கள் 20, 40. இடைவினை உண்டு. விகிதங்கள் 3, 3. லாக் அளவுகோலில் கோடுகள் இணை. கூட்டலாகப் பேசுகிறோமா, பெருக்கலாகப் பேசுகிறோமா என்பதுதான் கேள்வி. அதைப் பொருளறிவு தீர்மானிக்க வேண்டும், எதில் பி-மதிப்பு நமக்குச் சாதகம் என்பது அல்ல.

எல்லா இடைவினையும் இப்படிக் கரையாது. கோடுகள் உண்மையிலேயே வெட்டிக்கொள்ளும்போது, ஓரிடத்தில் ஒன்று மேல், இன்னோரிடத்தில் மற்றது மேல் என்ற வரிசையை அளவுகோலை நீட்டியோ சுருக்கியோ மாற்ற முடியாது. நம் தரவிலும் லாக் உதவாது. சராசரிகளின் இயல் லாக் எடுத்தால் இடைவெளிகள் 0.51, 0.30, 0.00. முன்பு முதல் பாதியில் இணையாக இருந்த கோடுகளும் இப்போது விலகிவிட்டன. ஓரிடத்தில் இடைவெளி பூஜ்ஜியம், மற்ற இடங்களில் பூஜ்ஜியம் இல்லை என்றால் எந்த அளவுகோலிலும் அது அப்படியே இருக்கும்.

`lm` வெளியீட்டில் `suppVC` வரியில் −5.25 வருகிறது. முதன்மை விளைவு 3.70 என்றீர்களே?

அந்த −5.25 முதன்மை விளைவே அல்ல. ஆர் இயல்பாகவே ஒவ்வொரு காரணியின் முதல் நிலையையும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. இடைவினை உறுப்பு மாதிரியில் இருக்கும்போது `suppVC` என்ற வரி, அடிப்படை அளவான 0.5 மில்லிகிராமில் மட்டும் அமிலத்துக்கும் சாற்றுக்கும் உள்ள வித்தியாசம். மேலே உள்ள சராசரி அட்டவணையைப் பாருங்கள்: 7.98 − 13.23 = −5.25. அது ஓர் எளிய விளைவு. அந்த வரியின் பி-மதிப்பு 0.00209, அனோவாவில் வந்த 0.000231 அல்ல, ஏனென்றால் கேள்வியே வேறு.

நல்ல ஆய்வுகளிலும் இந்த வரியை "முதன்மை விளைவு" என்று பெயரிட்டு எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. `relevel` கொண்டு அளவின் அடிப்படை நிலையை 2 என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். `suppVC` 0.08-ஆக மாறிவிடும். உண்மையான முதன்மை விளைவு அடிப்படை நிலையை மாற்றினால் அசையாது.

சில விலங்குகள் ஆய்வின் நடுவே விலகிவிட்டன. கட்டங்களில் எண்ணிக்கை இப்போது சமமாக இல்லை. ஏதாவது மாறுமா?

முதன்மை விளைவு என்ற சொல்லின் பொருளே வழுக்கத் தொடங்கும். `aov` வர்க்கக் கூடுதலை வரிசைப்படி பிரிக்கிறது, எனவே `supp * dose` என்றும் `dose * supp` என்றும் எழுதினால் முதன்மை விளைவு வரிகள் வேறு வேறாக வரும். இடைவினை வரி இரண்டிலும் ஒன்றே. எளிய விளைவுகளும் மாறாது, ஏனென்றால் அவை கட்டச் சராசரிகளிலிருந்து நேரடியாக வருகின்றன. இடைவினை தெளிவாக இருந்தால் எந்த வகை வர்க்கக் கூடுதல் என்று தலையை உடைத்துக்கொள்ளாமல் நேராக எளிய விளைவுகளுக்குப் போய்விடுங்கள். ஆனால் விலகியதற்குக் காரணமே கொடுத்த அளவாக இருந்தால் எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது.

எனக்குக் கட்டத்துக்கு ஒரே ஒரு அளவீடுதான் இருக்கிறது. இடைவினை வரியே வரவில்லை.

வராது. கட்டத்துக்குள் திரும்ப அளக்காதபோது தற்செயல் சிதறலை அளக்க எதுவும் மிஞ்சுவதில்லை. கோடுகள் இணையாக இல்லாதது இடைவினையாலா, வெறும் சிதறலாலா என்று பிரிக்க முடியாது. மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கி எச்சம் என்று பெயர் வைக்கிறது.

1949-இல் ஜான் டூக்கி இதற்கு ஒரு சோதனை தந்தார். ஒரே ஒரு வரையற்ற பாகையைச் செலவழித்து, இடைவினை இரண்டு முதன்மை விளைவுகளின் பெருக்கல் வடிவில் இருக்கிறதா என்று அது பார்க்கும். 10, 20, 30, 60 போன்ற விசிறி வடிவம் இருந்தால் பிடித்துவிடும். நம் கினிப் பன்றிகளில் நடந்ததோ வேறு: முதல் பாதியில் இணை, இரண்டாம் பாதியில் சேர்க்கை. அப்படிப்பட்ட வடிவம் அதன் கையிலிருந்து நழுவிவிடலாம். எனவே அந்தச் சோதனை எதுவும் காட்டாவிட்டாலும், முதன்மை விளைவுகளை எழுதும்போது "இடைவினை இல்லை என்று எடுத்துக்கொண்டால்" என்ற சொற்களையும் வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.